வெர்பல் 118, ஸ்பீட் 80: இந்த ரிப்போர்ட்டை எப்படி வாசிக்கிறது?

டிக்கோயா அம்மா · ஞாயிறு இரவு 9.12

மகனுக்கு ஒன்பதரை வயசு, தரம் 4. கதை சொல்லச் சொன்னா ஒரு மணித்தியாலம் சொல்வான். ஆனா கரும்பலகையில இருக்கிறத கொப்பியில எழுதி முடிக்கிறதுக்குள்ள மிஸ் அழிச்சிருவாங்க. தவணைப் பரீட்சையில பாதிப் பேப்பர்தான் எழுதுறான், எழுதின பாதியில பிழை கெடையாது. கிளாஸ்ல சோம்பேறின்னு பேர் வெச்சாச்சு.

கிளினிக்கில ஐ.கியூ. டெஸ்ட் எடுத்தாங்க, விஸ்க் ஐந்தாம் பதிப்பாம். எடுத்த மிஸ் இங்கிலீஸ் புத்தகத்தப் பாத்து தமிழ்ல சொல்லிச் சொல்லி எடுத்தாங்க. ரிப்போர்ட்ல இருக்கிற நம்பர் இதுதான்: வெர்பல் கொம்ப்ரிஹென்ஷன் 118, விஷுவல் 103, ரீசனிங் 106, மெமரி 97, புரொசெசிங் ஸ்பீட் 80. மொத்தம் 103. கீழே ஒரு வரி, வெர்பலுக்கும் ஸ்பீடுக்கும் 38 வித்தியாசம், அது "குறிப்பிடத்தக்கது" என்று. டொக்டரைப் பாக்க இன்னும் மூணு கிழமை இருக்கு. பக்கத்து லயத்துத் தம்பி போன்ல தேடிப் பாத்துட்டு இது கவனம் சிதறுற ஏ.டி.எச்.டி.தான் அக்கா என்கிறான். உண்மையா?

---

குறிஞ்சி வாத்தியார் · ஞாயிறு இரவு 9.50

தங்கச்சி, நான் விசேட கல்வியில் டிப்ளோமா செய்தவன். எங்களுக்குப் படிப்பித்தது இதுதான்: இரண்டு சுட்டெண்களுக்கு நடுவில் 15 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது குறிப்பிடத்தக்கது, கற்றல் இடர்ப்பாட்டின் அடையாளம். இங்கே 38 இருக்கிறது. சந்தேகத்துக்கே இடமில்லை. பாடசாலையில் விசேட கல்விப் பிரிவு இருந்தால் இப்பவே பேசி வையுங்கள்.

---

மஸ்கெலியா மழை · ஞாயிறு இரவு 10.20

என்ட மகளும் இப்பிடித்தான் அக்கா, சரியான வாயாடி, அதனால வெர்பல் அவளுக்கும் நல்லாத்தான் வரும். ஒரு சின்னக் கேள்வி. 118 எடுத்தா தரம் 5 புலமைப்பரிசில்ல வெட்டுப்புள்ளிக்குப் போதுமா?

---

சோதனைக்காரி · திங்கள் காலை 6.40

பதினொரு வருஷமா பிள்ளைகளுக்கு இந்த டெஸ்ட் எடுக்கிறவள் நான். பஸ்ஸுக்குப் போக முன்ன கொஞ்சம் எழுதுறேன்.

மழை தங்கச்சி, இது வேற புள்ளி. புலமைப்பரிசில்ல எத்தன வினாவுக்குச் சரியா விடை எழுதினான்னு எண்ணுவாங்க. இங்க 100 என்பது அதே வயசுப் பிள்ளைகளோட சராசரி. மூணில ரெண்டு பிள்ளைகள் 85க்கும் 115க்கும் நடுவில நிப்பாங்க. வாயாடிக்கும் வெர்பலுக்கும் சம்பந்தமில்ல. ரெண்டு விஷயம் எந்த வகையில ஒண்ணு, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், இப்படித்தான் அதில கேப்போம். ஊமை மாதிரி இருந்து 125 எடுத்த பிள்ளையும் உண்டு.

வாத்தியார் சேர், நீங்க சொன்னதில பாதி சரி. 13, 14 புள்ளி தாண்டினா வித்தியாசம் உண்மையானது, அளவையில வர்ற ஆட்டம் இல்ல. "குறிப்பிடத்தக்கது" என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம். அப்படி ஒரு வித்தியாசம் எத்தன பிள்ளைகள்ட்ட இருக்கும் என்பது வேற கேள்வி. வெர்பலும் ஸ்பீடும் ஒண்டோடொண்டு அவ்வளவு ஒட்டாத ரெண்டு திறமை. அதனால 15 புள்ளி வித்தியாசம், ஏதோ ஒரு பக்கமா, நூறு பிள்ளையில நாப்பது பேரிட்ட இருக்கும். அந்த நாப்பது பேரையும் விசேட பிரிவுக்கு அனுப்புவீங்களா?

38 வேற. வெர்பல் மேல, ஸ்பீட் கீழ என்று இவ்வளவு தூரம் விலகுறது நூறுக்கு ரெண்டு பேர் அளவுதான். அதனால பாக்க வேண்டிய விஷயம்தான். ஆனா அரிது என்கிறதுக்கும் நோய் என்கிறதுக்கும் நடுவில நிறைய தூரம் இருக்கு.

அம்மா, ஸ்பீடுக்குக் கீழ சின்ன எழுத்தில கோடிங், சிம்பல் சர்ச் என்று ரெண்டு இருக்கும். அதுக்கு எத்தன போட்டிருக்கு? டெஸ்ட்ல மகன் கண்ணாடி போட்டிருந்தானா, ஏதாவது மருந்து குடிக்கிறானா, இரவு எத்தன மணிக்குத் தூங்குறான், இதையும் சொல்லுங்க.

---

ஊவாக் காத்து · திங்கள் காலை 8.05

நூறில் நாற்பதா? அந்த எண் எங்கிருந்து வருகிறது? (நான் கெம்பஸில் புள்ளிவிபரம் படிக்கிறவன், குறை நினைக்க வேண்டாம்.)

---

சோதனைக்காரி · திங்கள் பகல் 12.30

குறையே இல்ல தம்பி. ரெண்டுக்கும் இடையில தொடர்புக் கெழு கிட்டத்தட்ட 0.3 என்று வெச்சுக்கோங்க. வித்தியாசத்தோட நியம விலகல்

```
15 × √(2 × (1 − 0.3)) ≈ 17.7
```

15ஐ 17.7ஆல பிரிச்சு அட்டவணையில பாருங்க, ஒரு பக்கத்துக்கு 20 சதவீதம் வரும். ரெண்டு பக்கமும் சேத்தா 40. 38க்குப் பாத்தா ஒரு பக்கத்தில 2க்கும் கொஞ்சம் குறைய. இது தோராயம்தான், மெனுவல்ல வயசுக்கேத்த அட்டவணை இருக்கு.

---

டிக்கோயா அம்மா · திங்கள் இரவு 8.44

கோடிங் 4, சிம்பல் சர்ச் 9 என்று போட்டிருக்கு. கண்ணாடி இல்ல, ஸ்கூல்ல போன வருஷம் கண் பாத்தாங்க, நல்லம் என்றாங்க. மருந்து எதுவும் இல்ல. ஒன்பதுக்குத் தூங்கிருவான்.

---

சோதனைக்காரி · திங்கள் இரவு 10.15

அம்மா, இப்பதான் ரிப்போர்ட் பேச ஆரம்பிக்குது.

இந்தச் சின்னப் புள்ளிகளுக்குச் சராசரி 10. 9 என்றா சாதாரணம். 4 என்றா நூறு பிள்ளைய வரிசையில நிக்க வெச்சா கடைசி ரெண்டு மூணு பேருக்குள்ள. இந்த ரெண்டையும் கூட்டித்தான் 80 என்று எழுதியிருக்காங்க. ஒரு கால் அடுப்பிலயும் ஒரு கால் ஆத்துத் தண்ணியிலயும் இருக்கிறவன் சராசரியா இளஞ்சூட்டில இருக்கான்னு சொல்ற மாதிரிதான் அது. உங்க மகனிட்ட 80 என்று ஒரு வேகம் இல்ல, ரெண்டு வேகம் இருக்கு.

ரெண்டு டெஸ்டுமே ரெண்டு நிமிஷம். சிம்பல் சர்ச்சில கண்ணால தேடி, இருக்கா இல்லையான்னு முடிவெடுத்து, ஒரே ஒரு கோடு போட்டா போதும். கோடிங்கில மேல இருக்கிற வரிசையப் பாத்து ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ஒரு சின்ன வடிவத்த வரையணும். ரெண்டுக்கும் கண் வேணும், கவனம் வேணும், அவசரம் வேணும். கோடிங்குக்குக் கூடுதலா வேண்டியது வரையிற கை, வடிவங்கள மனசில பிடிச்சு வெக்கிறது. மகனோட மெமரி 97, அதில பெரிய கோளாறு தெரியல. அப்ப எனக்கு முதல் சந்தேகம் கை மேலதான். மூளை மெதுவா ஓடுதுன்னு சொல்றவங்க அந்த 9க்கு என்ன பதில் சொல்வாங்க?

ஏ.டி.எச்.டி. பத்திக் கேட்டீங்க. அது இருக்கிற பிள்ளைகள்ட்ட ஸ்பீட் குறையிறது உண்டு, குறையாமலும் இருக்கும். பதற்றம், மனச்சோர்வு, இரத்தச்சோகை, தூக்கமின்மை, வலிப்பு மருந்து, எல்லாத்திலயும் இதே நம்பர் குறையலாம். காய்ச்சல் மாதிரி, 102 என்று மானி காட்டினா என்ன வருத்தம் என்று தெரியாது. ஏ.டி.எச்.டி. என்றா வீட்டிலயும் ஸ்கூல்லயும் ரெண்டு இடத்திலயும் ஆறு மாசமாவது அந்த நடத்தை இருக்கணும். நம்பரப் பாத்து சொல்றதில்ல.

கேள்வி: சட்டைப் பொத்தான் தானே போடுறானா? சப்பாத்துக் கயிறு? பந்து பிடிப்பானா? எந்தக் கையால எழுதுறான்?

---

பண்டாரவளை அப்பா · செவ்வாய் காலை 5.58

தயவு செய்து மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் ஈ.ஈ.ஜி. எடுங்கள். என் மகளுக்கும் ஸ்பீட் 75, வெர்பல் 108. எல்லாரும் கனவு காண்கிறாள் என்றார்கள். டெஸ்ட் எடுத்த மிஸ்தான் கவனித்தார், கோடிங் நடுவில் நாலைந்து செக்கன் அப்படியே நின்றுவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி திரும்ப எழுதினாள் என்று. ஆஸ்பத்திரியில் வேகமாக மூச்சு விடச் சொல்லி ஈ.ஈ.ஜி. எடுத்ததில் தெரிந்தது, ஆப்சன்ஸ் வலிப்பு. ஒரு நாளைக்கு எத்தனை முறை வந்ததோ, நாங்கள் பார்த்ததே இல்லை. இப்போது மருந்தில் இருக்கிறாள். எந்தப் பிள்ளைக்கு ஸ்பீட் குறைந்தாலும் முதலில் ஈ.ஈ.ஜி. என்பது என் கருத்து.

---

சோதனைக்காரி · செவ்வாய் பகல் 12.40

அண்ணா, அந்த மிஸ்ஸுக்குக் கும்பிடு. ஸ்டொப்வொச்ச மட்டும் பாத்திருந்தா அது தப்பியிருக்கும்.

உங்க மகளுக்குக் கோடிங், சிம்பல் சர்ச் ரெண்டுமே குறைவா இருந்துச்சா?

---

பண்டாரவளை அப்பா · செவ்வாய் மாலை 6.10

ஆமாம், 5ம் 6ம்.

---

சோதனைக்காரி · செவ்வாய் இரவு 9.30

அதான் வித்தியாசம். இடைக்கிடை நினைவு அறுந்து போனா அது கோடு போடுறதையும் நிறுத்தும், வடிவம் வரையிறதையும் நிறுத்தும். ரெண்டும் சேந்து விழும். இந்தப் பையனுக்கு ஒண்ணு மட்டும் விழுந்திருக்கு. ஆப்சன்ஸ் இல்லவே இல்ல என்று நான் சொல்லல, டொக்டர் கேக்கட்டும். ஆனா எல்லாருக்கும் ஈ.ஈ.ஜி. என்றா கிளினிக் வரிசை ரோட்டு வரைக்கும் நிக்கும்.

---

ஊவாக் காத்து · செவ்வாய் இரவு 10.02

எனக்கு இன்னொரு சந்தேகம். புத்தகம் ஆங்கிலத்தில், மிஸ் நின்ற இடத்தில் மொழிபெயர்த்திருக்கிறார், ஒப்பிடுவது வேறு நாட்டுப் பிள்ளைகளோடு. சொல்லை மாற்றினால் அதன் கடினமும் மாறும். அப்படியிருக்க 118 என்பதை நம்பி 38 என்று கழிப்பது எப்படி? ஒரு பக்கத் தராசுத் தட்டே வேறு கடையுடையது.

---

சோதனைக்காரி · செவ்வாய் இரவு 10.48

இதுக்கு என்ட்ட முழுப் பதில் இல்ல தம்பி. 118 என்ற நம்பர நான் கல்லில வெட்ட மாட்டேன். 110ஆ இருக்கலாம், 122ஆவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பில "ஒண்ணு எளிதாச்சு, ஒண்ணு கஷ்டமாச்சு" என்று ரெண்டும் நடக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வெர்பல் இருக்கிறத விடக் குறைவாத்தான் வரும் என்பது என் அனுபவம், அதுக்கு என்ட்ட ஆதாரம் கேக்காதீங்க.

ஆனா கோடிங்கும் சிம்பல் சர்ச்சும் ஒரே நாள், ஒரே மேசை, ஒரே நாட்டு அட்டவணை, சொல்லே இல்லாத வேலை. 4க்கும் 9க்கும் நடுவில உள்ள இடைவெளிய மொழிபெயர்ப்பு உண்டாக்கல. அதனாலதான் 38ஐ விட்டுட்டு அந்த அஞ்சு புள்ளியப் பிடிச்சிருக்கேன்.

இன்னொண்ணு. மொத்த 103க்கு ஏழு உப சோதனை சேரும். அதில கோடிங் இருக்கு, சிம்பல் சர்ச் இல்ல. அதாவது மொத்தத்துக்குள்ள போனது அந்த 4தான். வேகத்தையும் நினைவையும் விட்டுட்டு மத்த அஞ்ச மட்டும் கூட்டி எடுக்கிற பொதுத்திறன் சுட்டெண் என்று ஒண்ணு இருக்கு, அது இவனுக்கு 110 பக்கம் வரும். யோசிக்கிற திறன் எவ்வளவு என்று கேட்டா அதைச் சொல்லலாம்.

---

குறிஞ்சி வாத்தியார் · புதன் காலை 7.15

அப்படி வசதியில்லாததைக் கழித்துவிட்டு நல்ல எண்ணை மட்டும் காட்டுவது நேர்மையா மிஸ்? பரீட்சை மண்டபத்தில் பையன் வேகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாதே.

அது போகட்டும். ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் வகுப்பில் தினமும் சொல்வது "வடிவா எழுது, அடிச்சு எழுதாத, அழிச்சிட்டு ஒழுங்கா எழுது" என்பதுதான். என் கொப்பி திருத்தத்தில் கூட எழுத்து அழகுக்குத் தனி நட்சத்திரம் உண்டு. அப்படிப் பழகிய பிள்ளையிடம் திடீரென்று "எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா" என்றால்?

---

சோதனைக்காரி · புதன் பகல் 12.35

ரெண்டு எண்ணையும் எழுதணும் சேர், ஒண்ண மறைக்கக் கூடாது. உங்க மண்டபக் கேள்விக்கு 103தான் கிட்ட.

நட்சத்திரம் விஷயம் நூத்துக்கு நூறு. கோடிங்குக்கு அழிறப்பர் இல்லாத பென்சில்தான் குடுப்போம். வடிவத்தின் அழகுக்குப் புள்ளி கிடையாது, என்ன வடிவம் என்று விளங்கினா போதும். நம்ம பிள்ளைகள் சிலபேர் ரெண்டாவது கட்டத்திலயே நின்டு "மிஸ் ரப்பர்" என்று கேக்கும். அந்த நேரத்திலயும் வொச் ஓடிக்கிட்டே இருக்கும். அப்படி ஒரு பிள்ளைக்குத் தாளில பிழை ஒண்ணும் இருக்காது, எண்ணிக்கைதான் குறையும். கவனம் சிதறின பிள்ளைக்குப் பிழையும் இருக்கும், விட்டுப் போன கட்டமும் இருக்கும். தாளப் பாத்தா பிரிச்சுச் சொல்லலாம்.

---

டன்சினன் தம்பி · புதன் மாலை 4.20

அக்கா அந்தக் கோடிங் தாள் எனக்கு ஒரு குரூப்ல கிடைச்சது. லிங்க் போடுறன், வீட்டில பழக்கி எடுத்துட்டு திரும்ப டெஸ்ட் எடுங்க, ஸ்பீட் கூடிரும்.

---

சோதனைக்காரி · புதன் மாலை 5.02

தம்பி, அத உடனே எடுத்துருங்க. பழக்கினா நம்பர் கூடும்தான், எல்லாச் சுட்டெண்ணிலயும் பழக்கத்தில சுகமா ஏறுறதில ஸ்பீடும் ஒண்ணு. பையனோட கை அப்படியேதான் இருக்கும், அளக்கிற கோல்தான் கெட்டுப் போகும். அதுக்கப்புறம் யார் எடுத்தாலும் அவனப் பத்தி ஒண்ணும் தெரியாது.

---

டிக்கோயா அம்மா · புதன் இரவு 9.25

தம்பி எடுத்துட்டார், நன்றி. மிஸ் கேட்டதுக்குப் பதில். பொத்தான் நான்தான் போட்டு விடுறேன், அவனுக்கு நேரமாகும். சப்பாத்துக் கயிறு தெரியாது, ஒட்டுற சப்பாத்துத்தான். பந்து நல்லாப் பிடிப்பான், எறிவான்.

எந்தக் கை என்று கேட்டீங்களே. இத எழுத வெக்கமா இருக்கு. அவன் சின்னதில எல்லாம் நொட்டாங்கையாலதான். அப்பாயி சோத்துக்கையால சாப்பிடு சோத்துக்கையால எழுது என்று தட்டித் தட்டி மாத்தினாங்க, தரம் 1 மிஸ்ஸும் அதையேதான் சொன்னாங்க. இப்ப வலது கையாலதான் எழுதுறான். பந்து எறியிறது மட்டும் இடது கை. நேத்து ராவு அவனிட்ட கேட்டேன், டெஸ்ட் அன்னைக்கு எந்தக் கைடா என்று. "மொதல்ல இந்தக் கை, வலிச்சிச்சு, அப்புறம் அந்தக் கை, மிஸ் ஒண்ணும் சொல்லல" என்றான்.

---

சோதனைக்காரி · புதன் இரவு 11.10

அம்மா, வெக்கப்பட ஒண்ணும் இல்ல, என் அண்ணனுக்கும் எங்க வீட்டில இதேதான் செஞ்சாங்க.

ஆனா இது பெரிய தகவல். எந்த வடிவம் வரையணும் என்று காட்டுற வரிசை, அதான் சாவி, தாளின் மேல இருக்கும். இடது கையால எழுதுற சில பிள்ளைகளுக்கு அவங்க கையே அந்தச் சாவிய மறைச்சிரும். அதனால அப்படிப்பட்ட பிள்ளைக்கு வலது பக்கமா இன்னொரு தாளை வெச்சு, அதில உள்ள சாவியப் பாக்க விடணும் என்று மெனுவல்லயே இருக்கு. பையன் நடுவில கை மாத்தினதால எடுத்தவங்க அத எதிர்பாத்திருக்க மாட்டாங்க. ஒவ்வொரு வடிவத்துக்கும் கையைத் தூக்கிப் பாத்தா ரெண்டு நிமிஷத்தில எவ்வளவு போகும்?

இதுதான் காரணம் என்று நான் அடிச்சுச் சொல்லல. பொத்தானும் கயிறும் ஏலாது என்கிறீங்க, பந்து பிடிக்கிறான் என்கிறீங்க. கையின் நுண் அசைவு ஒருங்கிணைப்பில உண்மையாவே கோளாறு இருக்கலாம். மாத்தின கை இன்னும் பழகாம இருக்கலாம். ரெண்டும் சேந்தும் இருக்கலாம். டெஸ்ட் எடுத்த மிஸ்ஸ கூப்பிட்டுக் கேளுங்க: பிழை எத்தன, எந்த வரியில கை மாறிச்சு, ரெண்டாவது சாவி வெச்சாங்களா. தாள உங்களுக்குக் காட்ட மாட்டாங்க, காட்டவும் கூடாது, ஆனா சொல்லுவாங்க.

---

டிக்கோயா அம்மா · அடுத்த செவ்வாய் இரவு 8.30

கூப்பிட்டேன். நல்ல மிஸ், கோவப்படல, கோப்ப எடுத்துப் பாத்துச் சொன்னாங்க. பிழை ஒண்ணு கூட இல்லையாம். மொத ரெண்டு வரி அச்சடிச்ச மாதிரி இருக்காம், மூணாவது வரியில கோடு சாயுது, அங்கதான் கை மாறியிருக்கு. ரெண்டாவது சாவி வெக்கல என்று அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ரிப்போர்ட்ல கை மாத்தினத ஒரு குறிப்பா சேத்துத் தர்றேன், 80 என்பத அப்படியே எடுத்துக்க வேணாம் என்று எழுதுறேன் என்றாங்க. திரும்ப எடுக்கிறதுன்னா ஒரு வருஷமாவது போகணுமாம். இப்ப ஓ.டி. என்கிற தொழில்வழிச் சிகிச்சைக்கு அனுப்புறாங்க.

---

சோதனைக்காரி · செவ்வாய் இரவு 9.55

நல்ல வேலை செஞ்சிருக்காங்க. ஓ.டி. நேரம் பாக்காம வடிவங்கள வரையச் சொல்லுவாங்க. நேரமில்லாமலும் வடிவம் கோணினா கையின் ஒருங்கிணைப்பில வேலை இருக்கு. நேரமில்லாம அழகா வந்து, அவசரப்படுத்தினா மட்டும் விழுந்தா, பழக்கமும் பயமும்தான் கூட. அதோட அவன வாயாலயும் விடை சொல்லச் சொல்லுங்க. எழுதின பாதிப் பேப்பருக்கும் சொன்ன முழுப் பேப்பருக்கும் உள்ள தூரத்த டொக்டர் தெரிஞ்சுக்கணும்.

---

குறிஞ்சி வாத்தியார் · செவ்வாய் இரவு 10.20

அந்தத் தூரத்தைக் கடிதமாக எழுதித் தரச் சொல்லுங்கள் தங்கச்சி. பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்பதென்றால் அதிபர் மூலமாகத்தான் போக வேண்டும், வைத்திய அறிக்கை இல்லாமல் கேட்டால் அசையாது. கையை இப்போது இடதுக்குத் திரும்ப மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். புலமைப்பரிசிலுக்கு ஒரு வருடம்தான் இருக்கிறது.

---

ஊவாக் காத்து · செவ்வாய் இரவு 10.31

நான் எதிர்க் கட்சி. ஒரு வருடம் இருப்பதால்தான் இப்போதே மாற்ற வேண்டும்.

---

சோதனைக்காரி · செவ்வாய் இரவு 10.50

ரெண்டு பேருக்கும் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஓ.டி. ரெண்டு கையாலயும் எழுத வெச்சுப் பாக்கட்டும், பையன்ட்டயும் கேக்கட்டும்.

---

டிக்கோயா அம்மா · புதன் காலை 5.35

கொழுந்துக்குப் போக முன்ன எழுதுறேன். நேத்து பட்டம் செய்ய ஈர்க்குச் சீவினான், நொட்டாங்கையாலதான், சரக் சரக்குன்னு. ஓ.டி. திகதி அடுத்த மாசம் 9. அப்பாயிட்ட இன்னும் சொல்லல.